25 பிரேமிலிருந்து 30 பிரேமுக்கு: கங்கைகொண்ட சோழபுரத்தின் ஒரு காட்சியை முன்வைத்து

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. தொலைக்காட்சியும் பால் முறையைத் தழுவி நொடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் வளர்ந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் திருமணமும் திருவிழாவும் எடுக்கும் ஸ்டுடியோ கேமராக்களுக்கு 25 பொருத்தமான வேகம். விருந்தினர் கையிலுள்ள கைப்பேசிகளோ பெரும்பாலும் 30 பிரேமில் பதிவுசெய்கின்றன. இரண்டும் ஒரே எடிட்டிங் டைம்லைனில் சேரும்போது ஏதேனும் ஒன்று மாற்றப்பட்டாக வேண்டும். படம் விட்டுவிட்டு நகரும் ஜட்டர் எனும் குறை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தில், விமானத்தை இடமிருந்து வலமாகக் காட்டும் ஒரு பேன் ஷாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தை விமானத்தின் விளிம்பு 8 நொடியில் கடக்கிறது என்றால், அது நொடிக்கு 240 பிக்சல் நகர்கிறது. 25 பிரேமில் எடுத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் 9.6 பிக்சல் நகர்வு. 30 பிரேமில் எடுத்தால் 8 பிக்சல்.

25-ஐ 30 ஆக்க எளிய வழி, ஐந்து பிரேமுக்கு ஒன்றை இரட்டிப்பது. அப்போது விளிம்பு ஐந்து முறை 9.6 பிக்சல் நகர்ந்து, ஆறாவது முறை அசையாமல் நிற்கிறது. பார்ப்பவரின் கண் சீரான வேகத்தில் விளிம்பைத் தொடர்வதால், நொடிக்கு ஐந்து முறை நேரும் அந்த நிறுத்தம் உடனே உறுத்துகிறது. எதிர்த்திசையில், 30-ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒன்று நீக்கப்படுகிறது. நான்கு நகர்வு 8 பிக்சலாகவும் அடுத்தது 16 பிக்சலாகவும் அமைகின்றன. அங்கே நிறுத்தத்துக்குப் பதில் தாவல். மணமக்கள் அசையாமல் நிற்கும் காட்சியில் இரண்டுமே தெரிவதில்லை. தேர் இழுப்பு, பேன், ஊர்வலம் போன்ற சீரான நகர்வுகளில்தான் குறை வெளிப்படும்.

இவ்விரு மாற்றங்களும் ஒரே அளவு கெடுதல் என்று கருதுவது தவறு. இரட்டித்த பிரேமைப் பின்னர் கண்டெடுத்து நீக்கலாம். நீக்கிய பிரேமை மீட்க வழியே இல்லை. ஒரு கோப்பு எவ்வகையில் மாற்றப்பட்டது என்பதை அறிய, பேன் ஷாட்டை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தாலே போதும். ஒவ்வோர் ஆறாவது பிரேமும் முந்தையதைப் போலவே இருந்தால் அது இரட்டிப்பு. சரியாக 30 பிரேமில் ஓடும் அத்தகைய கோப்பைக் கீழ்க்கண்ட கட்டளை 25-க்குத் திருப்பிவிடும்:

```
ffmpeg -i in.mp4 -vf decimate=cycle=6 -c:a copy out.mp4
```

பிரேம்களைக் கலந்து புதியன செய்யும் பிளெண்டிங் முறை நகர்வைச் சற்று மென்மையாக்கும். விலையாகத் தெளிவைக் கேட்கும். 30-லிருந்து 25-க்கு வரும்போது ஐந்து பிரேமில் ஒன்று மட்டுமே மூலப் பிரேமோடு சரியாகப் பொருந்தும். மற்ற நான்கும் இரு பிம்பங்களின் கலவை. விளிம்பு நொடிக்கு ஐந்து முறை கூர்மையாகி மங்கும். நகர்வைக் கணித்து இடைப்பிரேம் வரையும் ஆப்டிகல் ஃப்ளோ முறை, வெற்று வானத்தின் முன் நகரும் பொருளுக்கு நன்றாக உழைக்கும். தூண்வரிசைக்குப் பின்னே ஆட்கள் மறைந்து வெளிப்படும் காட்சியில் தூணின் விளிம்பே நெளியும்.

25-ஐக் கைப்பேசிக்காக 30 ஆக்கும் வழக்கத்தில் பயனில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 பிரேம் கோப்பை அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு பிரேமும் 33 அல்லது 50 மில்லிநொடி நிற்கும். இரட்டித்து 30 ஆக்கிய கோப்பில் நான்கு பிரேம் 33 மில்லிநொடியும் ஒன்று 67 மில்லிநொடியும் நிற்கும். ஜட்டரைப் போக்கும் என்று நம்பிச் செய்த மாற்றம் அதைக் கூட்டவே செய்கிறது.

எல்லோரும் 30-லேயே எடுத்தால் சிக்கல் தீராதா என்றால், மண்டப விளக்குகள் இடையில் நிற்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறையும். 25 பிரேமில் ஒரு பிரேமுக்குச் சரியாக நான்கு துடிப்பு. 30-இல் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். ஷட்டர் 1/60 ஆக இருந்தால் ஒவ்வொரு மூன்று பிரேமுக்கும் வெளிச்சம் ஏறியிறங்கி, நொடிக்குப் பத்து முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டினால் இது அடங்கும்.

ஆகவே 25 பிரேம் டைம்லைனில் கைப்பேசிக் காட்சிகளைச் சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒலி. ஒலி தேவையில்லாத காட்சியை, ஒரு பிரேமையும் விடாமல் 25 வேகத்தில் ஓட்டலாம். 10 நொடிக் காட்சி 12 நொடியாகும், ஜட்டர் துளியும் வராது. தேர் அசைவுக்கும் கோபுரக் காட்சிக்கும் இந்த மெதுவோட்டம் நன்றாகவே பொருந்துகிறது. பேச்சும் நாதஸ்வரமும் உள்ள காட்சிக்கு அது உதவாது. அங்கே நகர்வு குறைவான ஷாட்டைத் தேர்ந்து பிரேமை நீக்குவதே ஏற்புடையது. எந்த முறையைக் கையாண்டாலும், 30 பிரேமில் வந்த மூலக் கோப்பை அழிக்காமல் அதே வேகத்தில் சேமித்து வைக்க வேண்டும்.