லைப்னிற்சின் தவறும் பகுதிப் பின்னங்களும்

1702ஆம் ஆண்டில், லைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த அக்ற்றா எருடிற்றோறும் என்னும் அறிவியல் ஏட்டில் லைப்னிற்சு ஒரு கட்டுரை வெளியிட்டார். இரு பல்லுறுப்பிகளின் ஈவாயமைந்த கோவையைத் தொகையிடுதற்கு, அதன் பகுதியெண்ணைக் காரணிகளாகப் பிரித்து, கோவையை எளிய பின்னங்களின் கூட்டுத்தொகையாக எழுதல் வேண்டும் என்பதே அக்கட்டுரையின் கருத்தாகும். அதே ஆண்டில் யோகான் பேர்ணூலியும் இம்முறையை வெளியிட்டார். பகுதிப் பின்னங்கள் கணித உலகிற் புகுந்த வரலாறு இவ்விருவரிடமிருந்தே தொடங்குகின்றது.

அக்காலத்தில் எழுந்த வினா யாதெனின், இத்தகைய கோவைகள் யாவற்றையும் அதிபரவளைவின் பரப்பினாலும் வட்டத்தின் பரப்பினாலும் தொகையிட்டுவிடலாமோ என்பதாகும். இன்றைய மொழியிற் கூறின், மடக்கையும் நேர்மாறு தான் சார்பும் போதுமா என்பதே வினா. 1/(x + a) மடக்கையைத் தருகின்றது. 1/(x² + a²) வட்டவில்லைத் தருகின்றது. ஆயின் 1/(x⁴ + a⁴) எதனைத் தரும்?

லைப்னிற்சு இதனைப் பிரிக்க முயன்று, முதலில்

(x² + a²√−1)(x² − a²√−1)

எனக் கொண்டார். ஒவ்வொரு காரணியையும் மீண்டும் பிரித்தபோது, √−1 இன் வர்க்கமூலங்கள் தோன்றின. இந்நான்கு ஏகபரிமாணக் காரணிகளுள் எவ்விரண்டைப் பெருக்கினும் மெய்யான இருபடிக் காரணி கிடையாது என்று அவர் முடிவு செய்தார். எனவே வட்டமும் அதிபரவளைவும் போதா; x⁴ + a⁴ இற்கு ஒரு புதிய சார்பும், x⁸ + a⁸ இற்கு வேறொன்றும் தேவை என எண்ணினார்.

முடிவு தவறானது. x⁴ + a⁴ என்பது (x² + a²)² − 2a²x² என்பதற்குச் சமம். இது இரு வர்க்கங்களின் வித்தியாசமாதலின்,

x⁴ + a⁴ = (x² + √2·ax + a²)(x² − √2·ax + a²)

என உடனே பிரிந்துவிடுகின்றது. நிக்கொலாசு பேர்ணூலி 1719இல் அதே ஏட்டில் இதனை எடுத்துக் காட்டினார். √−1 இன் வர்க்கமூலம் (1 + √−1)/√2 என்னும் எளிய வடிவினது என்பதை லைப்னிற்சு கண்டிலர். ஒன்றுக்கொன்று இணையான இரு காரணிகளைச் சேர்த்துப் பெருக்கியிருப்பின் கற்பனைப் பகுதி தானே நீங்கியிருக்கும். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 1676இல் நியூற்றன் ஒல்டன்பேர்க்கின் வாயிலாக லைப்னிற்சுக்கு விடுத்த கடிதத்தில் 1 + 1/3 − 1/5 − 1/7 + … என்னும் தொடர் காணப்பட்டது. அது (1 + x²)/(1 + x⁴) என்பதனை 0 முதல் 1 வரை தொகையிட்டுப் பெறத்தக்கது. அதன் பெறுமானம் π/(2√2). வட்டத்தின் அளவு அங்கேயே வெளிப்பட்டிருந்தது.

லைப்னிற்சைத் திருத்திய நிக்கொலாசு பேர்ணூலியும் பின்னர் ஐயத்துக்குள்ளானார். x⁴ − 4x³ + 2x² + 4x + 4 மெய்யான இருபடிக் காரணிகளாகப் பிரியாது என அவர் கருத, அது பிரியும் என்பதை ஓயிலர் 1742இல் எழுதிய கடிதத்திற் காரணிகளுடன் காட்டினார். மெய்க்குணகங்களுடைய பல்லுறுப்பி யாவும் ஏகபரிமாணக் காரணிகளாகவும் இருபடிக் காரணிகளாகவும் பிரியும் என்பதே ஓயிலரின் கொள்கை. அதற்கு நிறுவல் தேடியோருள் கவுசு முதன்மையானவர். அவருடைய முதல் நிறுவல் 1799இல் வெளிவந்தது.

இக்கொள்கையினின்றே பகுதிப் பின்னங்களின் வடிவம் பிறக்கின்றது. இணையான இரு கற்பனைக் காரணிகளின் மேலுள்ள மாறிலிகள் ஒன்றுசேரும்போது, மெய்யான இருபடிக் காரணியின் மேல் Cx + D என்னும் ஏகபரிமாணக் கோவை தோன்றுகின்றது. மாறிலி மாத்திரம் போதாமைக்குக் காரணம் இதுவே. (x − 1)² போன்று ஒரு காரணி மீண்டும் வரின், அதன் ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒரு பின்னம் வேண்டும். 1748இல் வெளிவந்த முடிவிலிப் பகுப்பியல் அறிமுக நூலில் ஓயிலர் இவற்றை ஒழுங்குபடுத்தினார். ஏகபரிமாணக் காரணிகளையும் அவற்றின் அடுக்குகளையும் இரண்டாம் அதிகாரத்திலும், இருபடிக் காரணிகளைப் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் அவர் ஆராய்ந்தார்.

குணகங்களைக் காண்பதற்கு, எல்லா உறுப்புகளையும் விரித்து, x இன் அடுக்குகளை ஒப்பிட்டு, ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பது பொதுவழி. அது என்றும் பொய்க்காது, ஆயினும் நீண்டது. காரணியைப் பூச்சியமாக்கும் பெறுமானத்தைப் பிரதியிட்டு ஒரு குணகத்தைத் தனியே பெறும் குறுக்குவழி ஓயிலரிடமே உண்டு. மின்சுற்றுக் கணக்குகளில் இதனை மிகுதியாகக் கையாண்ட ஒலிவர் ஹெவிசைட்டின் (1850–1925) பெயரை அது பின்னாளிற் பெற்றது. காரணியைக் கையால் மறைத்துவிட்டு எஞ்சியதில் எண்ணைப் பிரதியிடுவதாகக் கற்பிக்கப்படுகின்றது. இருவகைக் காரணிகளும் அமைந்த ஒரு கோவையில் இதன் ஆற்றலையும் எல்லையையும் காண்க.

(6x² − 6x + 4) / ((x − 1)²(x² + 1)) = A/(x − 1) + B/(x − 1)² + (Cx + D)/(x² + 1)

தொகுதியெண்ணின் படி பகுதியெண்ணின் படியினும் குறைவு. ஆதலின் முதலில் வகுத்தல் வேண்டா. பகுதியெண்ணின் படி நான்கு. தெரியாக் குணகங்களும் நான்கு.

(x − 1)² ஐ மறைத்து x = 1 என இடின், 4/2 = 2. இதுவே B. மறைக்கும் முறை மீளுங் காரணியின் உயர்ந்த அடுக்குக்குரிய குணகத்தை மாத்திரமே தரும். A ஐத் தராது. மாணவர் பெரிதும் இடறுவது இவ்விடத்திலேதான். x − 1 ஒன்றை மட்டும் மறைத்தால், எஞ்சிய பகுதியெண்ணில் இன்னொரு x − 1 இருப்பதால் அது பூச்சியமாகும்.

அடுத்து x² + 1 ஐ மறைத்து, x² வருமிடமெல்லாம் −1 ஐ இடுக. தொகுதியெண் −2 − 6x ஆகின்றது. (X − 1)² என்பது x² − 2x + 1 ஆதலின் −2x ஆகின்றது. எனவே,

−2 − 6x = (Cx + D)(−2x) = 2C − 2Dx

ஆகும். மாறிலிகளையும் x இன் குணகங்களையும் தனித்தனியே ஒப்பிட, C = −1, D = 3. ஒரே பிரதியீட்டில் இரு குணகங்கள் கிடைத்தன. x இற்கு √−1 என்னும் பெறுமானம் அளித்ததே இதன் பொருள். மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் வெவ்வேறாக நிற்பதால் ஒப்பிடுதல் முறையாகின்றது.

எஞ்சியது A. இரு பக்கங்களையும் x ஆற் பெருக்கி, x ஐ முடிவிலியை நோக்கிச் செலுத்துக. இடப்பக்கம் பூச்சியத்தை அணுகும். வலப்பக்கம் A + C ஐ அணுகும். ஆகவே A = 1.

மீளுங் காரணி மூன்றாம் அடுக்கு அல்லது அதற்கு மேற்பட்டதாயின், முடிவிலியும் ஓர் எண்பிரதியீடும் போதாமற் போகலாம். அப்பொழுது x − 1 = t எனக் கொள்வது சிறந்தது. மேலைக் கோவையில் தொகுதியெண் 4 + 6t + 6t² ஆகும். X² + 1 என்பது 2 + 2t + t² ஆகும். முன்னதைப் பின்னதால் t இன் ஏறுவரிசையில் வகுத்தால், ஈவு 2 + t + … என வருகின்றது. முதலுறுப்பு B, அடுத்துள்ள t இன் குணகம் A. காரணி எத்தனை முறை மீண்டதோ, அத்தனை உறுப்புகளோடு வகுத்தலை நிறுத்திவிடலாம்.

சரிபார்த்தற்கு இதுவரை பயன்படுத்தாத x = 0 ஐ எடுத்துக்கொள்க. இடப்பக்கம் 4; வலப்பக்கம் −A + B + D = −1 + 2 + 3 = 4. ஒருவர் A/(x − 1) என்னும் பின்னத்தை எழுத மறந்திருந்தாலும் B, C, D ஆகியன முன்போலவே 2, −1, 3 எனத் தடையின்றிக் கிடைத்திருக்கும். ஆனால் x = 0 இல் வலப்பக்கம் 5 ஆகி, வடிவமே பிழையென்பதைக் காட்டிவிடும்.