எடுத்துக் கொடுப்பவரும் வாங்கிப் பாடுபவரும்

சம்பிரதாய பஜனையிலும் சரி, சத்ய சாயி பஜனையிலும் சரி, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஆனால் பாட்டே தெரியாத ஒருவர் இரண்டுக்கும் போய் உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். சாயி பஜனையில் சில நிமிஷங்களிலேயே அவர் வாய் திறந்துவிடுவார். சம்பிரதாய பஜனையில் நெடுநேரம் கையைத் தட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பாட்டைத் தெரிந்துவைத்திருக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சாயி பஜனைப் பாட்டு பெரும்பாலும் நாலைந்து வரிதான். அதிலும் பாதி தெய்வத்தின் பெயர்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறது. பாடப் போகிறவர் தன் கட்டையை ஆர்மோனியக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். அவர் ஒரு வரி பாடுவார், கூட்டம் அதே மெட்டில் அதே வரியைத் திருப்பிப் பாடும். கடைசி வரி வரை இப்படி மெதுவாகப் போய், மீண்டும் முதல் வரியிலிருந்து மேல்காலத்தில் ஒரு சுற்று வரும். பிறகு முதல் வரியைப் பழைய நிதானத்துக்கு இறக்கிப் பாடினால் பாட்டு முடிந்தது என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இந்த எளிமைக்கு விலை கொடுப்பவர் முன்னால் பாடுபவர்தான். கொஞ்சம் சங்கீதம் தெரிந்தவர் ஆசைப்பட்டு ஒரு பிருகா போட்டால் ஐம்பது பேர் ஐம்பது விதமாகத் திருப்புவார்கள். தவறு நடந்ததைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: வரியின் முதல் சொல் பலமாக வரும், நடுவில் குரல்கள் மங்கும், தபலா மட்டும் தனியாகக் கேட்கும். இன்னொரு தவறு அவசரம். கூட்டம் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் அடுத்த வரியை எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் கால் மாத்திரை தேய்ந்து, மேல்காலம் வருவதற்கு முன்பே பாட்டு ஓடத் தொடங்கிவிடும். சுருதியும் ஒரு தொல்லை. பெண் ஐந்து கட்டையில் எடுத்தால் ஆண்களில் பாதிப் பேர் கீழ் ஸ்தாயிக்கு இறங்குவார்கள், மீதிப் பேர் தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள்.

சம்பிரதாய பஜனையில் ஒரே பாகவதர்தான் கடைசி வரை. போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வழியாகக் காவிரிக் கரையில் உருவான முறை இது. தோடய மங்களத்தில் தொடங்கி, குரு கீர்த்தனை, அஷ்டபதி, தரங்கம் என்று வரிசை முன்பே தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன என்று பாகவதர் சொல்ல வேண்டியதில்லை. பின்பாட்டுக்காரர்களுக்கு அது மனப்பாடம்.

அஷ்டபதியையே எடுத்துக்கொள்வோம். ஜயதேவரின் கீதகோவிந்தத்தில் 24 அஷ்டபதிகள். பெரும்பாலானவற்றுக்கு எட்டு சரணம், ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு அதே துருவபதம். சமஸ்கிருத வரிகள் நீளமானவை, ஒரு தடவை காதில் வாங்கித் திருப்பிச் சொல்லக்கூடியவை அல்ல. பாகவதர் பாதி சரணத்தைப் பாடிக் கொடுக்க, பின்பாட்டு அதை வாங்கும். அவர் ராகத்தில் கொஞ்சம் விலகி ஒரு சங்கதி போட்டாலும் அவர்கள் பெரும்பாலும் பழகிய நேர் மெட்டிலேயே பதில் சொல்வார்கள். பாகவதருக்கு இந்தச் சுதந்திரம் வருவது அவர்கள் அசையாமல் இருப்பதால்தான். பின்பாட்டு பலவீனமான கோஷ்டியில் நல்ல பாகவதர்கூட சங்கதியைச் சுருக்கிக்கொண்டு வரியைத் தானே இரண்டு தடவை பாட வேண்டியிருக்கும். புதிதாக வந்தவர் ஒட்டிக்கொள்ளக்கூடிய இடம் துருவபதம் ஒன்றுதான். அது திரும்பத் திரும்ப வருவதால் நாலாவது சரணத்துக்குள் வாயில் ஏறிவிடும்.

ஆனால் கீர்த்தனை முடிந்து அதே ராகத்தில் நாமாவளி தொடங்கியதும் சம்பிரதாய பஜனை ஏறக்குறைய சாயி பஜனையாகவே மாறிவிடுகிறது. சின்ன வரி, வெறும் நாமம். கூடத்தில் உள்ள எல்லோரும் பாடுவார்கள். இங்கே வேகம் கூடும் விதம் மட்டும் வேறு. பாகவதர் முழு வரியை அரை வரியாக்குவார், பிறகு ஒற்றை நாமமாக்குவார். எடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடைவெளி சுருங்கச் சுருங்க விறுவிறுப்பு தானாக ஏறும். வெறுமனே தாளத்தை முடுக்குவதைவிட இது நல்ல உத்தி என்பேன். மூச்சு வாங்குவதற்கு முறை வைத்து இடம் கிடைக்கிறது. கெடுப்பது ஜால்ராதான். கையில் ஜால்ரா கிடைத்த உற்சாகத்தில் ஒருவர் மிருதங்கத்துக்கு முன்னால் ஓடினால் பாகவதராலும் பிடித்து நிறுத்த முடியாது. அனுபவசாலிகள் அவரை முறைப்பதில்லை; நாமாவளியைச் சட்டென்று முடித்து, கோவிந்த நாமம் சொல்ல வைத்து, அடுத்த கீர்த்தனையைச் சவுக்க காலத்தில் எடுத்துவிடுவார்கள்.

பழகும் முறையும் இதற்கேற்பத்தான். சாயி சமிதிகளில் முன்னால் பாடப் போகிறவர்களுக்கே ஒத்திகை. சுருதி சேர்கிறதா, வரி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மைக் கிடைக்கும். சம்பிரதாயத்தில் பாகவதராக வருகிறவரும் முதலில் பின்பாட்டில் பல காலம் உட்கார்ந்தவராகத்தான் இருப்பார்.