மொய்ப் பணமும் பூப் பணமும்: கீரமங்கலத்துச் சேமிப்பில் டிஜிட்டல் தங்கமும் தங்கக் காசும்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு குடும்பத்தின் கைக்குப் பணம் இரண்டு வேகங்களில் வருகிறது. விடியலில் பறித்த மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போய்ச் சில நூறு ரூபாயாகத் திரும்புகின்றன. இது சிறிய பணம், அடிக்கடி வருவது. மற்றொன்று, ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் நடக்கும் மொய் விருந்து. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கும் குடும்பத்துக்கு ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் சேரும். இரண்டையும் தங்கத்தில் போட்டு வைக்கலாமா என்ற கேள்வி பழையது. செயலி வழியே வாங்கும் டிஜிட்டல் தங்கம் வந்தபின், எந்த வடிவத்தில் போடுவது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. செயலியா காசா என்பதற்கு ஒரே விடை கிடையாது என்பதும், விடையைத் தீர்மானிப்பது வரியல்ல, விற்கும்போது கழிபடும் தொகைதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வரியை ஒதுக்கிவிடலாம். 2017 ஜூலை 1 முதல் தங்கத்துக்கு 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு. செயலியில் 100 ரூபாய்க்கு வாங்கினாலும் கடையில் ஒரு பவுன் காசு வாங்கினாலும் இதே விகிதம்தான். கடையில் தங்கத்தின் விலையும் செய்கூலியும் சேர்ந்த தொகைக்கு வரி கணக்கிடுகிறார்கள். செயலியில் அன்றைய வாங்கும் விலையின் மேல் கணக்கிடுகிறார்கள். தனிநபர் திருப்பி விற்கும்போது இந்த வரி எந்த வழியிலும் திரும்பக் கிடைப்பதில்லை. வருமான வரியிலும் வேறுபாடு இல்லை. 2024 ஜூலை 23 முதல் விற்கப்படும் தங்கம், காசானாலும் டிஜிட்டலானாலும், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் அவரவர் வருமான வரம்புக்கு உரிய விகிதம். ஆகவே எது லாபம் என்று ஒப்பிடும்போது வரி இருபுறமும் அடிபட்டுப் போகிறது. "டிஜிட்டல் தங்கத்துக்கு வரி மிச்சம்" என்று சொல்லப்படுவது உண்மையல்ல.

மிஞ்சுவது இரண்டு. காசுக்குச் செய்கூலியும், திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் கழிக்கும் தொகையும். டிஜிட்டலுக்கு, ஒரே நிமிடத்தில் செயலி காட்டும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. இந்த இடைவெளி ரசீதில் தனியாக அச்சாவதில்லை. அதனால்தான் செய்கூலி கண்ணில் உறுத்துகிறது, இடைவெளி உறுத்துவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காகச் சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். விலை எதுவானாலும் விகிதங்கள் மாறா. 24 கேரட் 8 கிராம் காசுக்குச் செய்கூலி 2 சதவீதம் என்றால் 81,600 ரூபாய். ஜிஎஸ்டி 2,448 சேர்த்து 84,048. அதே நாளில் திருப்பிக் கொடுத்துக் கடைக்காரர் 2 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 78,400. நட்டம் 5,648 ரூபாய். இதே 84,048 ரூபாயைச் செயலியில் போட்டிருந்தால்? வாங்கும் விலை 10,150, விற்கும் விலை 9,850 என்று வைத்துக்கொள்வோம். வரி போக 81,600 ரூபாய்க்கு 8.0394 கிராம் கிடைக்கும். உடனே விற்றால் 79,188 ரூபாய். நட்டம் 4,860. இதுவரை டிஜிட்டல் முந்துகிறது.

ஆனால் இந்த முந்தல் மெலிந்தது. காசு வாங்கிய கடையிலேயே கழிவில்லாமல் எடுத்துக்கொண்டால் 80,000 ரூபாய் கிடைக்கும். நட்டம் 4,048-ஆகக் குறைந்து காசு மேலே வந்துவிடும். மறுபுறம் செயலியின் விலைகள் 10,300, 9,700 என்று விலகினால் டிஜிட்டலின் நட்டம் 7,201 ரூபாய்க்கு ஏறிவிடும். வரி இரண்டிலும் ஒன்றே என்பதால் கணக்கை ஒரு வகுத்தலாகச் சுருக்கலாம். காசுக்கு: திருப்பிக் கிடைக்கும் தொகையை, வரிக்கு முந்தைய விலையால் வகுக்க வேண்டும். மேற்சொன்ன காசில் இது 78,400-ஐ 81,600-ஆல் வகுப்பது, அதாவது சுமார் 0.961. செயலிக்கு: விற்கும் விலையை வாங்கும் விலையால் வகுக்க வேண்டும். எது 1-க்கு அருகில் நிற்கிறதோ அதுவே மலிவு. இந்தக் காசோடு போட்டியிட வேண்டுமானால் செயலியின் இடைவெளி அதன் வாங்கும் விலையில் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் கழிவே இல்லை என்றால் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எடை குறையக் குறையக் கதை மாறுகிறது. ஒரு கிராம் காசை அடிக்கவும் அட்டையில் பதிக்கவும் ஆகும் உழைப்பு, 8 கிராம் காசுக்கு ஆவதில் எட்டில் ஒரு பங்காகிவிடுவதில்லை. அதனால் சிறு காசுக்குச் செய்கூலி விகிதம் ஏறும். 6 சதவீதம் என்று கொண்டால் ஒரு கிராம் காசு வரியோடு 10,918 ரூபாய். 2 சதவீதக் கழிவோடு திருப்பினால் 9,800. நட்டம் 1,118, பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அதே 10,918 ரூபாய், முதல் கணக்கின் செயலி விலைகளில், 10,287-ஆகத் திரும்பும், நட்டம் 631. செயலியின் இடைவெளி 100 ரூபாய்க்கும் லட்ச ரூபாய்க்கும் ஒரே விகிதம்தான். சிறு தொகைக்கு அது நியாயம் செய்கிறது. பெருந்தொகைக்குச் சலுகை எதையும் தருவதில்லை.

இங்கே கீரமங்கலத்தின் இரண்டு பணங்களும் பிரிகின்றன. பூ விற்ற பணத்தில் நாளுக்கு 200 ரூபாய் ஒதுக்கும் பெண்ணுக்கு ஒரு கிராம் காசு மிக மோசமான வழி. அவருக்குச் செயலி பொருந்தும். ஆனால் சேர்ந்த தங்கத்தைச் செயலி வழியே காசாக வரவழைப்பது அந்த நன்மையை அழித்துவிடும். இடைவெளியில் ஒரு பாதியை வாங்கும்போதே கொடுத்தாகிவிட்டது. அதன்மேல் அச்சடிக்கும் கூலியும் அனுப்பும் செலவும் சேரும். மேற்கண்ட விலையில் 8 கிராமுக்கு 81,200 ரூபாய், வரியோடு 83,636. கூலிக்கும் செலவுக்கும் 1,600 என்று வைத்தாலே 85,236. நேரே கடையில் வாங்கியிருந்தால் 84,048. டிஜிட்டல் தங்கம் பணமாக வெளியேறும் வரைதான் மலிவு.

நகை செய்யச் சேமிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசைக் கொடுத்து நகை வாங்கினாலும், டிஜிட்டலை விற்று நகை வாங்கினாலும், புது நகையின் முழு மதிப்புக்கும் மீண்டும் 3 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஒரே தங்கத்துக்கு இருமுறை வரி. நகைக்கடையின் மாதச் சீட்டில் நகை எடுக்கும்போது மட்டுமே வரி. சீட்டின் ஆபத்துகள் தனி. ஆனால் இந்த ஒரு கணக்கில் அது முந்துகிறது.

மொய்ப் பணத்தின் இயல்பு வேறு. அது வருமானமே அல்ல, வட்டியில்லாக் கடன். மொய் நோட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு தொகையையும், அவரவர் விருந்து வைக்கும்போது, கூட்டி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அடுத்து வரும் ஒவ்வோர் ஆடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வெளியேறும். ஆகவே இதில் தங்கம் வாங்குபவர் வாங்கும் நாளிலேயே விற்கும் நாட்களையும் ஓரளவு அறிந்திருக்கிறார். இவருக்கு 50 கிராம் கட்டி உதவாது. பவுன் பவுனான காசுகள் உதவும், ஆடிக்கு ஒன்றிரண்டாக எடுக்கலாம். செய்கூலி 2 சதவீத அளவில் கிடைத்து, கடைக்காரர் கழிவைக் குறைவாக வைத்தால், காசு டிஜிட்டலுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும். முதல் இரண்டு ஆடிகளில் திருப்ப வேண்டிய பணத்தைத் தங்கத்தில் போடவே கூடாது என்பது என் கருத்து. உள்ளே போய் வெளியே வருவதற்குள் 5 முதல் 7 சதவீதம் கழிந்துவிடுகிறது. விலை அந்த அளவுக்கு ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது.

நீண்ட காலத்துக்கு வைத்தால் வேறுபாடு எவ்வளவு? 84,048 ரூபாயை மூன்றாண்டு வைத்து, விலை 13,000-க்கு ஏறியபின் விற்பதாகக் கொள்வோம். காசு, 2 சதவீதக் கழிவு போக, 1,01,920 ரூபாய். டிஜிட்டல், முதல் கணக்கின் இடைவெளி விகிதத்தில், 1,02,945. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். ஆதாயம் காசில் 17,872, டிஜிட்டலில் 18,897. அவற்றின் மேல் 12.5 சதவீத வரி முறையே 2,234, 2,362. வாங்கியபோது கட்டிய செய்கூலியும் ஜிஎஸ்டியும் வாங்கிய விலையில் சேரும் என்பதால் ரசீது இல்லாதவர் இதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரும். வேறு வருமானமின்றி விவசாயம் மட்டுமே செய்பவருக்கு, ஆதாயம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கினால் வரியே வராது.

விலையில் வராத ஒரு வேறுபாடு இந்த வட்டாரத்தில் கனமானது. இங்கே தங்கம் விற்கப்படுவதைவிட அடகு வைக்கப்படுவதே வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததுபோல ஒரு நாள் வந்தால், குடும்பம் முதலில் பார்ப்பது பீரோவில் என்ன இருக்கிறது என்பதைத்தான். ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகள் நகைகளோடு தங்க நாணயங்களுக்கும், ஒருவருக்கு 50 கிராம் வரை, கடன் தர இடமளிக்கின்றன. கட்டித் தங்கத்துக்கும் அதன் அடிப்படையிலான நிதிப் பத்திரங்களுக்கும் இடமில்லை. செயலியில் இருக்கும் கிராம்களை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக முடியாது. அவசரத்துக்கு அதை விற்கத்தான் வேண்டும். இடைவெளியையும் அன்றே இழக்க வேண்டும்.

காசு வாங்கும் இடமும் முக்கியம். வங்கிகள் காசு விற்கும்; திருப்பி வாங்காது. நகைக்கடைகளில் 22 கேரட் 916 காசும் புழங்குகிறது. 8 கிராம் 916 காசில் சுத்தத் தங்கம் 7.33 கிராம் மட்டுமே. அதை 22 கேரட் விலையோடு ஒப்பிட வேண்டும். செயலியின் 24 கேரட் விலையோடு நேராக ஒப்பிட்டால் காசு மலிவுபோலத் தோன்றும். பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது: இதையே திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு கழிப்பீர்கள், பணமாகத் தருவீர்களா, நகையாக மட்டுமா? நகையாக மட்டும் என்றால், மொய் திருப்ப அந்தக் காசு பயன்படாது. சீல் பிரிந்த காசை உரைத்தோ கேரட் மீட்டரில் வைத்தோ பார்ப்பார்கள். அப்போது கழிவு கூடலாம்.

செயலிப் பக்கம் இதற்கிணையான எச்சரிக்கை செபியிடமிருந்து வந்தது. டிஜிட்டல் தங்கம் பங்குப் பத்திரமாகவும் அறிவிக்கப்படவில்லை, பண்டச் சந்தை ஒப்பந்தமாகவும் ஒழுங்குபடுத்தப்படவில்லை, அது முழுதும் தன் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று 2025 நவம்பர் 8 அன்று செபி கூறியது. விற்பவர் நொடித்தால் முதலீட்டாளருக்குச் செபியின் பாதுகாப்பு இல்லை. செபியின் கண்காணிப்பில் உள்ள தங்க இடிஎஃப், டீமேட் கணக்கு உள்ளவருக்கு உண்டு. அலகு வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி இல்லை, 12 மாதத்திலேயே நீண்டகால ஆதாயம் ஆகிறது. பூச்சந்தைக்கு வருபவர்களில் பலருக்கு யுபிஐ உண்டு. டீமேட் கணக்கு அந்த அளவுக்கு இராது. டிஜிட்டல் தங்கம் பரவ யுபிஐ வசதிதான் காரணம், விலையல்ல. சேர்ந்தது ஒரு பவுன் அளவை எட்டியதும் அதைச் செயலியிலேயே வளரவிடாமல், விற்கும் விலையை வாங்கும் விலையால் வகுத்துப் பார்த்து, நல்ல விகிதம் கிடைக்கும் நாளில் வங்கிக் கணக்குக்கு எடுத்துவிட்டால், செபி சொன்ன ஆபத்து ஒரு பவுனுக்கு மேல் ஏறாது.