மழையா, மண்ணா? புதுக்கோட்டை மேட்டுநிலத்தில் வறட்சிச் சுழற்சி

மேய்ச்சல் மிகுந்தால் மழையே குறைந்துவிடும் என்ற கருத்தை 1975-இல் ஜூல் சார்னி முன்வைத்தார். ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் ஆடுமாடுகள் புல்லைத் தின்று தீர்த்தபின் வெளிறிய தரை வெளிப்படுகிறது. அது சூரிய ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. தரை ஏற்கும் வெப்பம் குறையவே மேலுள்ள காற்று கீழிறங்குகிறது, மழை குறைகிறது, புல் மேலும் அழிகிறது. ஒளித்திருப்பம் 14 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாக உயர்வதாகக் கொண்டு அவர் கணக்கிட்டார். வறட்சி, மேய்ச்சல், பாலையாதல் மூன்றையும் ஒரே வளையமாகக் கட்டிக் காட்டியதில் அவருக்கு நிலையான இடம் உண்டு.

ஆனால் அவ்வளையத்தைப் புதுக்கோட்டைக்கு அப்படியே பொருத்துவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். முதற்காரணம், இங்கு மழையின் மிகப் பெரிய பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வருகிறது. விராலிமலையிலும் குளத்தூரிலும் புல் இருக்கிறதா என்பது அந்தக் காற்றழுத்தத் தாழ்வுகளைத் தீர்மானிப்பதில்லை. இரண்டாவது, இங்குள்ள தரை வெண்மணல் அன்று; செம்மண்ணும் சரளையும். மூன்றாவது, மேய்ச்சல் மிகுந்த நிலம் இங்கு வெறுமையாகத் தெரிவதில்லை. கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டுப் புற்கள் போன இடத்தில், ஆடு தொடாத ஆவாரையும் விராலியும் கொழுஞ்சியும் நிற்கின்றன. பின்னர் சீமைக்கருவேல் வருகிறது. வானிலிருந்து பார்த்தால் பச்சை. அடியில் மூடாக்கில்லாத மண். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் பெய்யும் இடிமழைக்கு மட்டும் சார்னியின் விளக்கம் ஓரளவு பொருந்தக்கூடும். அதை நான் மறுக்கவில்லை.

கோயில் காடுகள் இன்னும் வலுவான சான்று. வேலிக்கு உள்ளும் புறமும் ஒரே மழைதான். உள்ளே காசாவும் வீரையும் பாலையும் சருகு உதிர்த்து மண்ணை மூடுகின்றன. வெளியே சரளை துருத்திக்கொண்டு, புல்லின் வேர் மண்ணுக்கு மேலே தெரிகிறது. வேறுபாடு வானத்திலிருந்து வந்திருக்க முடியாது. காட்டுக்கென்று தொடக்கத்திலேயே நல்ல மண்ணைத் தேர்ந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு இடமுண்டு. ஆனாலும் மேல்மண் அரிமானத்தை அது விளக்காது.

இங்கு வளையம் மண்வழியாகவும் கண்மாய்வழியாகவும் மூடுகிறது. மூடாக்கிழந்த செம்மண்ணில் மழைத்துளி நேரே அடிக்கும்போது நுண்துகள்கள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேற்பரப்பு ஓடு கட்டுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடுகிறது. மழைமானியில் குறைவில்லாத ஆண்டிலும் புல்லுக்கு அது வறட்சி ஆண்டே. ஓடிய நீர் வண்டலைக் கண்மாயில் சேர்க்கிறது, கொள்ளளவு குறைகிறது, நஞ்சை சுருங்குகிறது, அறுவடைத் தாளில் மேய வேண்டிய மந்தை தரிசிலேயே நிற்கிறது.

மந்தைகள் காவிரிப் பாசன வயல்களுக்குக் கிடை போடச் செல்வது பழைய மாற்றுவழி. ஆனால் அது வேண்டிய ஆண்டிலேயே அடைபடுகிறது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2016-இல் செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மேட்டுநிலமும் பாசனநிலமும் ஒருசேரக் காய்ந்தால் மந்தைக்குப் போக்கிடம் இல்லை.

இச்சுழற்சி எவ்வளவு பழையது? சோழர் கால விளக்குக் கொடைக் கல்வெட்டுகளில் வரும் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற வாய்பாட்டைப் பலர் கோயிற்செல்வத்தின் அடையாளமாக மட்டுமே கண்டனர். ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். நாள்தோறும் உழக்கு நெய். செத்ததையும் முதிர்ந்ததையும் குட்டிகளால் ஈடுகட்டி எண்ணிக்கையைக் காப்பது இடையரின் கடமை. சூழலியல் நோக்கில் இது கூர்ந்து நோக்கத்தக்கது. வறட்சியில் மந்தை சாவதும், அந்த இடைவெளியில் புல் மீள்வதும் வறண்ட நிலத்தின் இயல்பான தடுப்பு. அந்தத் தடுப்பை இவ்வொப்பந்தம் எழுத்தளவிலேனும் நீக்குகிறது: மழை மாறலாம், ஆட்டின் தொகை மாறக்கூடாது. மேய்ச்சல் அழுத்தம் பிரித்தானியர் காலத்தில்தான் தொடங்கியது என்போர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். இடையர் உண்மையில் அத்தொகையைக் காத்தனரா, நெய்யை வேறு வழியில் அளந்தனரா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. ஆகவே இது அழுத்தத்துக்குச் சான்று; சீரழிவுக்குச் சான்றன்று.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தைத் திருப்புமுனையாகக் கொள்ளலாமா? நான் தயங்குகிறேன். பஞ்சத்தில் மந்தைகள் மடிந்ததால் மேய்ச்சல் சிறிது காலம் தளர்ந்திருக்கவும் கூடும். 1974-இல் தொடங்கிய வனத்தோட்டக் கழகத்தின் தைலமரத் தோப்புகளோ பழைய தடயங்களையே கலைத்துவிட்டன. இனி நம்பத்தக்க சான்று கண்மாய் வண்டலின் அடுக்குகளில்தான் கிடைக்கும். எந்த அடுக்கில் சரளை திடீரென மிகுகிறதோ, அங்கே மேட்டுநிலம் மேல்மண்ணை இழந்த காலம் பதிவாகியிருக்கும். தூர்வாரும்போது அடுக்குகளைக் குறிக்காமல் அள்ளிவிட்டால் அச்சான்றும் போய்விடும்.