இறந்தவர் செவியில் ஓதுதல்: திபெத்திய இடைநிலைக் கோட்பாட்டில் உயிரோடிருப்போரின் பங்கு

இறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் நடுவே ஓர் இடைநிலை உண்டு என்பதைப் பௌத்தப் பிரிவுகள் எல்லாமே ஒப்புக்கொண்டதில்லை. தேரவாதிகளின் கதாவத்து அதை மறுக்கிறது. சாவு நொடியை அடுத்த நொடியே பிறப்பு என்பது அவர்கள் கொள்கை. சர்வாஸ்திவாதிகள் இடைநிலையை ஏற்றனர். வசுபந்துவின் அபிதர்மகோசம் அதை அந்தராபவம் என்ற பெயரில் விரிவாகப் பேசுகிறது. அந்நிலையில் உள்ள உயிருக்குப் புலன்கள் குறைவில்லை. உடல் மட்டும் நுட்பமானது. மணமே அதன் உணவு. அது ஏழு நாள் நீடிக்கும் என்றும், ஏழு வாரம் வரை செல்லும் என்றும் அந்நூலில் பல கருத்துகள் தரப்படுகின்றன. திபெத்தில் வேரூன்றிய 49 நாள் கணக்கு இந்திய நூல்களிலிருந்து வந்ததுதான்.

திபெத்தியர் இந்த இடைநிலையைப் பார்தோ என்பர். அதைப் பற்றிய நூல்களில் உலகறிந்தது பார்தோ தோட்ரோல். எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர் அருளி மறைத்துவைத்த இதனைப் பதினான்காம் நூற்றாண்டில் கர்ம லிங்பா கம்போதர் மலையில் கண்டெடுத்தார் என்பது ஞிங்மா மரபு. லாமா காசி தாவா சம்தூப்பின் மொழிபெயர்ப்பை இவான்ஸ்-வென்ட்ஸ் 1927-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இது 'இறந்தோர் நூல்' என்ற பெயர் பெற்றது. எகிப்திய நூலொன்றின் பெயரைத் தழுவிய அந்தத் தலைப்பு, மறுமையின் வரைபடம் ஒன்று கையில் கிடைத்துவிட்டதுபோன்ற எண்ணத்தை வாசகரிடம் விதைத்தது. நூலின் அமைப்போ வேறு. இறந்தவரைப் பெயர் சொல்லி விளித்து ஓத வேண்டிய வாசகங்களும், ஓதுபவர் எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகளுமே அதில் மாறி மாறி வருகின்றன. உயிரோடிருப்பவர் கையில் இருக்க வேண்டிய கைந்நூல் அது. அப்படிப் படித்தால்தான் அதன் கோட்பாடும் துலங்குகிறது.

ஓதத் தகுந்தவர் யார் என்பதை நூல் முதலிலேயே வரையறுக்கிறது. இறப்பவரின் குருவே முதல் தகுதியுடையவர். அவர் இல்லையென்றால் அதே குருவிடம் பயின்ற உடன்மாணவர். அவரும் இல்லையென்றால் பிழையின்றித் தெளிவாகப் படிக்கத் தெரிந்த ஒருவர். உறவினர் அழுது அரற்றக்கூடாது. அழுகையை அடக்க முடியாதவர்களை அங்கிருந்து விலக்கிவிட வேண்டும். மூச்சு அடங்கும் தறுவாயில் இறப்பவரை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். நிலம், நீர், தீ, காற்று என உடலின் பூதங்கள் ஒன்றிலொன்று ஒடுங்கியபின் மனத்தின் இயல்பான தெள்ளொளி தோன்றும் என்பது போதனை. அதைத் தன் இயல்பென்று அறிந்துகொண்டால் விடுதலை. அதற்குமேல் ஓத வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒளி சிலருக்கு ஒருவேளை உணவு உண்ணும் நேரம் நிற்கும். சிலருக்கோ விரல் சொடுக்கும் நேரம்தான். பழகாத மனம் தவறவிடும் என்று எதிர்பார்த்தே மிச்சப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது. உடல் அங்கிருந்தால் அதன் அருகிலும், எடுத்துச் சென்றுவிட்டால் இறந்தவர் படுத்த படுக்கைக்கோ அமர்ந்த இருக்கைக்கோ அருகிலும் ஓதுதல் தொடரும்.

மூன்றரை நாள்போல மயங்கிக் கிடக்கும் மனம் விழிக்கும்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. முதலில் சாந்த வடிவினரும், பிறகு உக்கிர வடிவினருமாகத் தெய்வங்கள் தோன்றுகின்றனர். இத்தோற்றங்களை விவரிப்பதைவிட ஒவ்வொரு நாளும் வைக்கப்படும் தேர்வுதான் கவனத்துக்குரியது. இரண்டாம் நாளை எடுத்துக்கொள்ளலாம். கண் கூசும் வெண்ணொளியோடு வஜ்ரசத்துவர் தோன்றுகிறார். கூடவே நரகத்தின் மங்கிய புகைநிற ஒளியும் தோன்றுகிறது. வாழ்நாளில் சினத்தில் ஊறிய மனம் பேரொளியைக் கண்டு அஞ்சி, கண்ணுக்கு இதமான மங்கலை நாடும். அந்த நேரத்தில் ஓதுபவர், வெண்ணொளி உன் மனத்தின் தெளிவே, அதற்கு அஞ்சாதே, புகைநிறத்தில் பற்று வைக்காதே என்ற பொருள்பட எடுத்துச் சொல்கிறார். மங்கல் இதமாக இருப்பதற்குக் காரணம் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு எதிராகப் பேசுவதே அவர் வேலை.

இதையும் தவறவிட்டவர் மூன்றாம் கட்டமான பிறப்புநாடும் பார்தோவுக்கு வருகிறார். உயிரோடிருப்போரின் பொறுப்பு மிகுதியாகப் புலப்படுவது இங்கேதான். இறந்தவர் சுவரைக் கடந்து செல்கிறார். வீட்டாரைப் பார்க்கிறார், பேசுகிறார், பதில் வருவதில்லை. தம் உடைமைகளைப் பிறர் எடுத்துப் புழங்குவதைக் காண்கிறார். அவர் மனம் உயிரோடிருந்தபோது இருந்ததைவிட ஒன்பது மடங்கு கூர்மையானது என்கிறது நூல். இந்தக் கூர்மை இருபுறமும் வெட்டும். தம் பொருட்டு விலங்குகளைக் கொன்று விருந்து வைப்பதைக் கண்டு அவர் சினங்கொண்டால், அந்தச் சினமே அவரை நரகப் பிறப்பில் தள்ளும். சடங்கு செய்யவந்த துறவி தூங்கி வழிவதையும், மந்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்வதையும் கண்டு, இவர்கள் என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து நம்பிக்கை இழந்தால் அதுவும் கீழ்ப்பிறப்புக்கே வழி. புரோகிதர் வகுப்பே போற்றிவந்த ஒரு நூல், புரோகிதரின் அசட்டை இறந்தவரைக் கெடுக்கும் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருப்பது வியப்புக்குரியது. இறந்தவருக்கும் அதே இடத்தில் அறிவுரை உண்டு: குறை துறவியிடம் இல்லை, அது உன் மனத்தின் நிழல் என்று எண்ணிக்கொள்.

அவரவர் வினை அவரவர்க்கே என்றால் பிறர் உதவுவது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். மேற்கண்ட பகுதிகளே விடைக்கு இடம் தருகின்றன. உறவினரின் செயல் இறந்தவரின் வினையை மாற்றுவதில்லை. எந்த வினை முதலில் பழுக்கும் என்பதற்கான சூழலை மாற்றுகிறது. உடலின் பிடிப்பு இல்லாத மனம் ஓர் எண்ணத்தில் ஏறினாலும் சரிந்தாலும் வேகமாகச் செல்லும். ஆகவே நல்லெண்ணத்தைத் தூண்டும் சொல்லும் செயலும் துணைக்காரணம் ஆகின்றன. சினத்தைத் தூண்டுபவையும் அவ்வாறே. உதவ முடியுமென்றால் கெடுக்கவும் முடியும் என்பது இந்த விளக்கத்திலிருந்து இயல்பாகவே பின்தொடர்கிறது. புண்ணியத்தை இறந்தவருக்கு அர்ப்பணிக்கும் வழக்கம் இதற்குள் முழுதாக அடங்காது என்பதும் உண்மை. அங்கே புண்ணியம் கைமாறுவதாகவே பொதுமக்கள் கருதுகின்றனர். கோட்பாடு அதைத் தடுத்ததில்லை.

சடங்குகளிலும் இந்த இருமை தெரிகிறது. வறுத்த பார்லி மாவை வெண்ணெயோடு கலந்து தணலில் இட்டு எழுப்பும் புகைக்குச் சுர் என்று பெயர். மணத்தை உண்ணும் இடைநிலை உயிருக்கு அதுவே உணவு. வசுபந்து சொன்னதன் வீட்டுவடிவம் இது. ஒவ்வோர் ஏழாம் நாளும் தனிப்பட்ட வழிபாடு நடக்கும், இறந்தவர் சாவின் துயரை வாரந்தோறும் மறுபடி அடைகிறார் என்ற நம்பிக்கையால். இறந்தவரின் உருவமும் பெயரும் பொறித்த தாள் ஒன்றை வைத்து, லாமா அவர் உணர்வை அதற்குள் அழைத்து, ஆறு பிறப்புலகங்களின் வாயிலையும் ஒவ்வொன்றாக அடைத்து உபதேசம் செய்வார். முடிவில் தாள் எரிக்கப்படும். சாம்பலைக் களிமண்ணோடு பிசைந்து சிறு தூபி வடிவங்களாக அச்சிடும் வழக்கம் உண்டு. உபதேசம் கேட்பவரும் இங்கே இருக்கிறார், சடங்கால் நடத்திச் செல்லப்படுபவரும் இருக்கிறார், இருவரும் ஒருவரே.

எல்லாத் திபெத்தியரும் கர்ம லிங்பாவின் நூலை ஓதுவதில்லை. அது பெரிதும் ஞிங்மா, காக்யூ மரபுகளுக்குரியது. கெலுக் மரபினர் அபிதர்ம விளக்கத்தையும் தாந்திரிக உரைகளையும் சார்ந்து, தமக்கென அமைந்த பிரார்த்தனைகளையும், உணர்வை உச்சந்தலை வழியாக வெளியேற்றும் போவா பயிற்சியையும் கையாள்கின்றனர். இறந்தவர் உடலை உடனே தொடக்கூடாது, தொட நேர்ந்தால் முதலில் உச்சியையே தொட வேண்டும் என்ற விதியை மரபு வேறுபாடின்றிப் பலரும் பின்பற்றுகின்றனர். தொடும் இடம் நோக்கி உணர்வு நகரும் என்பதும், உச்சி வழியே செல்வதே நற்பிறப்புக்குரியது என்பதும் அதற்குக் கூறும் காரணம். நூல் ஓத ஆள் கிடைக்காத வீட்டிலும் இந்த ஒன்றை மட்டும் உறவினர் தாமே கடைப்பிடிக்க முடியும்.