இரைப்பைக் குறைப்பு அறுவைக்குப் பின் புரத இலக்கு

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதி நீக்கப்பட்டு, குறுகிய குழாய்போன்ற பகுதியே எஞ்சுகிறது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இலக்கு. அது எட்டாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

முதல் வாரங்களில் உணவே திரவம்தான். 200 மி.லி. பாலில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். 20 கிராம் புரதம் தரும் அளவு வே புரதப் பொடியைக் கலந்தால் 26 ஆகும். இரண்டு கோப்பையில் 52 கிராம். கால் மணிக்கு 30 மி.லி. என உறிஞ்சினால் ஒரு கோப்பை முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். அதனால் காலையிலேயே தொடங்க வேண்டும். பருப்புத் தண்ணீரும் கஞ்சியும் பலரை ஏமாற்றுகின்றன: வயிறு நிறையும், புரதம் சொற்பமே.

சிறுநீர் அடர்மஞ்சளாகி, எழுந்தால் தலைசுற்றினால், அன்று புரதக் கணக்கைவிட நீரே முதன்மை. குமட்டலால் நீரும் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திட உணவு தொடங்கியதும் முட்டை, மீன், பன்னீர் முதல் கவளமாக வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் எதையும் குடிக்கக்கூடாது. மூன்றாம் மாத முடி உதிர்வு வேகமான எடையிழப்பாலும் வரும். கால் வீக்கமும் தசைத் தளர்வும் சேர்ந்தால் இரத்தத்தில் அல்புமின் அளவைப் பார்ப்பது அவசியம்.