கண்ணாடிக் கோளமும் உலோகக் கோளமும்: ஒரே மின்புலத்தில்

ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள இரண்டு கோளங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கண்ணாடி, அதன் ஒப்புமை விடுதிறன் κ = 5. மற்றொன்று உலோகம். இரண்டிலும் நிகர மின்னூட்டம் இல்லை. மீட்டருக்கு 1000 வோல்ட் அளவுள்ள சீரான மின்புலத்தில் (E₀) இவற்றைத் தனித்தனியே வைக்கிறோம்.

உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் நகர்ந்து, உள்ளே புலம் சுழியாகும் வரை பரப்பில் சேர்கின்றன. கண்ணாடியில் எதுவும் அப்படி ஓட முடியாது. ஒவ்வொரு அணுவிலும் நேர், எதிர் மின்னூட்டங்கள் இம்மியளவு விலகுகின்றன, அவ்வளவுதான். அதாவது, ஒன்றன்மேல் ஒன்று படிந்த நேர்க்கோளமும் எதிர்க்கோளமும் சற்றே நகர்ந்ததுபோல் ஆகிறது. சீரான மின்னூட்டமுள்ள கோளத்தின் உள்ளே புலம் மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதமானது. இரு கோளங்களின் புலங்களையும் கூட்டினால் அந்தத் தொலைவு நீங்கி, விலகல் மட்டுமே எஞ்சும். ஆகவே முனைவாக்கம் P உருவாக்கும் எதிர்ப்புலம் உள்ளே எங்கும் ஒரே அளவு: P/3ε₀.

E = E₀ − P/3ε₀, P = ε₀(κ − 1)E ஆகிய இரண்டையும் சேர்த்தால்

E = 3E₀/(κ + 2)

கண்ணாடிக்கு இது 3/7, ஏறத்தாழ 429 வோல்ட்/மீட்டர். E₀/κ என்று எழுதி 200 என்பவர்கள் உண்டு. அது புலத்துக்குக் குறுக்கே வைத்த தட்டைப் பலகைக்கான விடை. கோளத்தின் பக்கப் பரப்பில், அதாவது புலத்துக்குச் செங்குத்தான நடுவட்டத்தில், பிழை தெரிந்துவிடும்: தொடுதிசைப் புலம் உள்ளும் புறமும் சமமாக இருக்க வேண்டும். 3/7 அதற்குப் பொருந்துகிறது, 1/5 பொருந்தாது.

வெளியே இரண்டு கோளங்களும் மையத்தில் வைத்த இருமுனைபோலவே நடந்துகொள்கின்றன:

p = 4πε₀R³E₀ (κ − 1)/(κ + 2)

உலோகத்துக்கு அந்தப் பின்னம் 1. p சுமார் 1.1 × 10⁻¹³ கூலூம் மீட்டர். கண்ணாடிக்கு 4/7, சுமார் 6.4 × 10⁻¹⁴. புலத்தின் திசையிலுள்ள முனையில், பரப்பை ஒட்டி வெளியே, உலோகத்தில் புலம் 3 மடங்காகிறது, கண்ணாடியில் 2.14 மடங்கு.

κ = 80 உள்ள தூய நீர்த்துளி அதே அளவில் இருந்தால் பின்னம் 79/82, அதாவது 0.96. நிலையான புலத்தில் வெளியிலிருந்து அளப்பவருக்கு அது ஏறக்குறைய உலோகம்தான். உட்புலம் மட்டும் சுழியல்ல, E₀இல் சுமார் 3.7 விழுக்காடு.

அடிப்படை வேறுபாட்டைக் காண, புலத்தில் இருக்கும்போதே கோளத்தை நடுவட்டத்தில் இரண்டாகப் பிரிக்கலாம். உலோகப் பாதிகள் 3πε₀R²E₀ அளவு எதிரெதிர் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும். கண்ணாடிப் பாதிகளில் வெட்டுமுகத்திலும் கட்டுண்ட மின்னூட்டம் தோன்றுவதால், ஒவ்வொன்றின் நிகர மின்னூட்டமும் சுழியாகவே இருக்கும்.